உண்டியல் டப்பா, உப்பு மாவு, முகங்கள் நிறைந்த புத்தகம்

கேள்வி: என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். அடுத்த மாதம் நான்கு வயது முடிகிறது. நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது. ஆனால் வாயில் வருவது ‘அம்மா’, ‘பா’, ‘தா’ என்று ஐந்தாறு சொல்தான். விரலில் பலமே இல்லை, கிரேயான் நழுவி விழுகிறது. எந்தப் பொம்மையைக் கொடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் தூக்கி எறிகிறான். பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பேசும் பொம்மை, விசில், பலூன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விரலுக்கும் பேச்சுக்கும் சேர்த்து உதவுகிற மாதிரி எதை வாங்கச் சொல்லட்டும்? அதை வைத்து எப்படி விளையாடுவது?

பதில்: பேசும் பொம்மையை மட்டும் முதலில் தள்ளிவைத்துவிடுங்கள். அதில் பிள்ளைக்கு இருக்கும் வேலை ஒரு பொத்தானைத் தட்டுவது. தட்டியதும் பாட்டு, வெளிச்சம், பேச்சு எல்லாம் தானாக வந்துவிடும். விரலுக்கு அழுத்தவும் வேண்டாம், வாய்க்குக் கேட்கவும் வேண்டாம், பக்கத்தில் அம்மா இருக்கவும் வேண்டாம். உங்கள் மகனுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான பொம்மை. விரல் கொஞ்சம் பாடுபட்டால்தான் அது நடக்க வேண்டும், இன்னொருவர் கூட இருந்தால்தான் தொடர வேண்டும். அப்படிப்பட்டவை பெரும்பாலும் விலை மலிவானவை. சிலவற்றை வீட்டிலேயே செய்துவிடலாம்.

தூக்கி எறிவதைப் பற்றி ஒரு வார்த்தை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தசையின் இறுக்கம் குறைவு, மூட்டுகளைக் கட்டிவைக்கும் நாண்களும் தளர்வு. உள்ளங்கை சிறியது, விரல்கள் குட்டை. ஆகவே ஒரு பொருளை நழுவாமல் பிடிக்க அவன் மற்ற பிள்ளைகளைவிட அதிகம் அழுத்த வேண்டியிருக்கிறது, சீக்கிரம் களைத்தும்போகிறான். போதாததற்கு, பல பொம்மைகளில் விளையாட்டு எங்கே முடிகிறது என்பதே தெரியாது. கை சோர்ந்த பிள்ளை, அடுத்து என்ன செய்வது என்று தெரியாத பிள்ளை, இருவருமே எறிவார்கள். அதைக் குறும்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த இரண்டு சிக்கலுக்கும் சேர்த்து நான் முதலில் சொல்வது உண்டியல் டப்பா. மூடியில் ஒரு கீறல், அதற்குள் போட வட்ட வில்லைகள், அவ்வளவுதான். வில்லை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது என்று பிள்ளைக்கே தெரியும்.

ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும், உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி கத்திக்கு வளைந்துகொடுக்கிற மெல்லிய பிளாஸ்டிக்காக இருக்கட்டும். வில்லைகள் 8 போதும். மரமோ கெட்டி பிளாஸ்டிக்கோ, குறுக்களவு 4 முதல் 5 சென்டிமீட்டர், கனம் 3 அல்லது 4 மில்லிமீட்டர். இதைவிடச் சிறியது வேண்டாம். சிறு பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் வாய் சுமார் 3.2 சென்டிமீட்டர் அகலம். அதற்குள் அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடும் என்பது கணக்கு. நான்கு வயதாகிறதே என்று நினைக்காதீர்கள். இந்தப் பிள்ளைகளிடம் பொருளை வாயில் வைக்கும் பழக்கம் கூடுதல் நாள் நீடிக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயதைப் பார்க்காமல், மகன் இன்னும் வாயில் வைக்கிறானா என்று பார்த்து வாங்குங்கள்.

மூடி இரண்டு இருந்தால் நல்லது. முதல் மூடியின் கீறல் தாராளமாக, வில்லையின் கனத்தைப்போல இரண்டு மடங்கு அகலம் இருக்கட்டும். வில்லை தானாக விழ வேண்டும். இரண்டாவது மூடியில் வில்லை நுழையும், ஆனால் கடைசியில் விரலால் ஓர் அழுத்து அழுத்தினால்தான் உள்ளே போகும் என்கிற அளவுக்கு இறுக்கம் வையுங்கள். விரலுக்குப் பலம் தருவது இந்த இரண்டாவது மூடிதான். ஆனால் அதை முதல் நாளே கொடுத்தால் டப்பா பறக்கும். வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

டப்பாவைக் கொடுக்கும் முன் அவன் உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள். உடம்பு ஆடிக்கொண்டிருந்தால் விரல் வேலை செய்யாது. ஒரு கை உடம்பைத் தாங்கப் போய்விடும், இன்னொரு கை மட்டும் தடுமாறும். இந்தப் பிள்ளைகளுக்குக் கால்கள் குட்டையாக இருப்பதால் சாதாரண நாற்காலியில் பாதம் அந்தரத்தில் தொங்கும். பாதத்துக்கு அடியில் உறுதியான பெட்டி ஒன்றை வையுங்கள். முழங்கால் மடங்கி, பாதம் முழுவதும் பதிய வேண்டும். மேசை முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். பின்னால் இடைவெளி இருந்தால் ஒரு தலையணை. இதைச் செய்ததுமே பிடி கொஞ்சம் தெளிவதைப் பல பிள்ளைகளிடம் பார்க்கலாம்.

வில்லைகள் உங்களிடம் இருக்கட்டும். எல்லாவற்றையும் அவன் முன்னால் கொட்டிவிட்டால் அவன் உங்களிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை, பேச்சுக்கான வாசல் அங்கேயே மூடிவிடும். நீங்கள் எதிரில் உட்கார்ந்து, ஒரு வில்லையை உங்கள் வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவதைவிடக் கண்ணால் பார்த்ததை நிறுத்துவது எளிது. ஆகவே சொல் பிறக்கும் உதடு அவன் கண்ணில் பட வேண்டும். “தா” என்று ஒரே ஒருமுறை சொல்லி, உங்கள் இன்னொரு கையை விரித்து நீட்டிக் காட்டுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

இந்தப் பத்து எண்ணிக்கைதான் வீட்டில் யாராலும் முடியாதது. மூன்று எண்ணுவதற்குள் “சொல்லு கண்ணா, தா சொல்லு, சொன்னாத்தான் தருவேன்” என்று ஆரம்பித்துவிடுவோம். கேட்டதைப் புரிந்துகொண்டு, பதிலை யோசித்து, உதட்டையும் நாக்கையும் அதற்குத் தயார் செய்ய அவனுக்கு நேரம் அதிகம் தேவை. பாதி வழியில் நாம் மறுபடி பேசினால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்துக்குள் அவன் கையை நீட்டினாலும், உங்கள் கண்ணைப் பார்த்தாலும், வெறும் “ஆ” என்றாலும் அது பதில்தான். உடனே “தா” என்று சொல்லி வில்லையைக் கொடுத்துவிடுங்கள். சரியாகச் சொல்லும்வரை பிடித்துவைத்தால் அவன் கற்பது சொல்லை அல்ல, இந்த விளையாட்டு வேண்டாம் என்பதைத்தான்.

கை ஜாடை காட்டினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று பாட்டிமார் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. புரிந்தது நிறைய, சொல்ல முடிந்தது கொஞ்சம் என்று இருக்கும் பிள்ளைக்கு ஜாடை ஒரு பாலம். சொல் தெளிவாக வந்ததும் அவனே ஜாடையைக் கைவிடுவான். நீங்கள் ஜாடை காட்டும்போது சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் விதி.

வில்லையைக் கொடுக்கும் விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்துவிட்டால் முழுக் கையால் பொத்திக்கொள்வான். மேசையில் படுக்கவைத்தால் வறண்டி இழுப்பான். காற்றில் செங்குத்தாக நிறுத்தி, பாதி உங்கள் விரலுக்குள், பாதி வெளியே தெரியும்படி நீட்டுங்கள். அப்போது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் நடுவிரலும் நுனியில் சேர்ந்தால்தான் எடுக்க முடியும். அவன் பிடித்ததும் உடனே விடாமல், லேசாக ஒரு கணம் பிடித்திருந்து பிறகு விடுங்கள். அந்தச் சின்ன இழுபறிதான் உடற்பயிற்சி.

பிடியைக் கவனிக்கும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் ஒரு வட்டம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சரி. வட்டம் மூடிப்போய், சாவியைப் பிடிப்பதுபோலக் கட்டைவிரல் ஆள்காட்டிவிரலின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டால், வேலை அவனுக்குக் கடினமாகிவிட்டது என்று பொருள். அதேபோல் அழுத்தும்போது கட்டைவிரலின் மூட்டு பின்பக்கமாக வளைந்தாலும் பலம் போதவில்லை, மூட்டின் மேல் சாய்ந்து சமாளிக்கிறான் என்று பொருள். இரண்டிலும் ‘இன்னும் பயிற்சி’ என்று தொடரக் கூடாது. தாராளமான மூடிக்குத் திரும்புங்கள், அல்லது அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வில்லையைக் கீறலின் மேல் தட்டையாகவே மோதிக்கொண்டிருந்தால், அவன் கையைப் பிடித்துத் திருப்பாதீர்கள். டப்பாவைச் சாய்த்தும் திருப்பியும் கீறலை வில்லைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். சில நாளில் மணிக்கட்டு தானே திரும்பப் பழகும்.

வில்லை உள்ளே விழும் அந்த நொடியில் “போ!” என்று சொல்லுங்கள். ‘ப’ உதட்டைச் சேர்த்துப் பிரிப்பது, கண்ணுக்குத் தெரியும் ஒலி. எட்டும் தீர்ந்ததும் டப்பாவைக் குலுக்கிக் காட்டி, மூடியைச் சற்று இறுக்கமாக விட்டு அவன் கையில் கொடுங்கள். திருகிப் பார்ப்பான், முடியாது, உங்களிடம் நீட்டுவான். அங்கே மூன்றாவது சொல்: “திற”. இவ்வளவுதான் மொத்தச் சொற்கள். சிவப்பு, பச்சை, ஒன்று, இரண்டு எல்லாம் இப்போது வேண்டாம். ஒரே இடத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதுதான் அவனுக்கு உதவும்.

உங்கள் மகனுக்கு இதை நான்கு வாரத்துக்குப் பிரித்துச் சொல்கிறேன். முதல் வாரம் தாராளமான மூடி, நான்கு வில்லை, காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். ஒலியே வராவிட்டாலும் பரவாயில்லை, கையை நீட்டிவிட்டு உங்களைப் பார்க்கிறானா என்பதுதான் கணக்கு. இரண்டாவது வாரம் எட்டு வில்லை. இப்போது “போ” சொல்வதற்கு முன் நீங்கள் ஒரு கணம் மூச்சைப் பிடித்து நிறுத்துங்கள். உதட்டைக் குவித்துக் காத்திருந்தால் பல பிள்ளைகள் அந்த இடைவெளியைத் தாங்களே நிரப்புவார்கள். “போ” என்பது “பொ” என்றோ “ஓ” என்றோ வரலாம். திருத்தாமல், நீங்கள் ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். மூன்றாவது வாரம் முதல் நான்கு வில்லை தாராளமான மூடியில், கடைசி நான்கு இறுக்கமான மூடியில். ஒருவேளை நான்காவது வில்லையிலேயே கட்டைவிரல் பக்கவாட்டில் ஒட்ட ஆரம்பித்தால், வரிசையை மாற்றுங்கள். கை சோராமல் இருக்கும் தொடக்கத்திலேயே இறுக்கமானதை இரண்டே வில்லைக்கு, மிச்சத்தைத் தாராளமானதில். நான்காவது வாரம் வில்லைகளில் வீட்டு ஆட்களின் படத்தை ஒட்டி, மேலே அகலமான ஒளிபுகும் டேப்பால் முழுக்கச் சுற்றிவிடுங்கள். “அப்பா போ”, “தாத்தா போ”, “பாப்பா போ” என்று நீங்கள் சொல்லிக்காட்டலாம். ஐந்தாறு சொல் இருக்கும் பிள்ளை இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வான் என்று இப்போதே எதிர்பார்க்க வேண்டாம். அது அவன் காதுக்கும் கண்ணுக்கும்தான்.

அடுத்தது உப்பு மாவு. கடையில் விற்கும் விளையாட்டுக் களிமண்ணும் ஆகும், ஆனால் வீட்டில் பிசைந்தால் இறுக்கம் நம் கையில். இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். தண்ணீர் ஏறக்குறைய ஒரு கப் வேண்டியிருக்கும். ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மூடி போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள் வரும். முதலில் காதுமடல் போல மெத்தென்று இருக்கட்டும். வாரம் போகப் போக மாவு சேர்த்துக் கெட்டியாக்கலாம். உப்பு அதிகம் என்பதால் தின்னக் கூடாதது, பக்கத்தில் ஆள் இல்லாமல் கொடுக்கவே கூடாது. கோதுமையின் பசையச் சத்து குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இந்தப் பிள்ளைகளிடம் மற்றவர்களைவிட அதிகம். மகனுக்கு அது இருந்தால் மைதாவுக்குப் பதில் அரிசிமாவும் சோளமாவும் சேர்த்துப் பிசையுங்கள்.

மாவைக் கையில் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் உள்ளங்கையால் அமுக்கி, உடம்பின் கனத்தையே மேலே போடுவார்கள். அது தோளுக்கு வேலை, விரலுக்கு அல்ல. விரலுக்கு வேலை வேண்டுமென்றால் மாவைக் கட்டைவிரல் தடிமனில் பாம்புபோல நீளமாக உருட்டிவைத்து, அதைக் கிள்ளிக் கிள்ளித் துண்டாக்கச் சொல்லுங்கள். கிள்ளும்போது நுனிவிரல்கள் சேர்ந்தே ஆக வேண்டும். அல்லது ஒரு வில்லையை மாவுக்குள் பாதி புதைத்து, வெளியே இழுத்தெடுக்கச் செய்யுங்கள். இழுத்தெடுக்கும் நொடிக்கு “வா!” என்று ஒரு சொல். டப்பாவில் “போ”, மாவில் “வா”. இரண்டும் சேர்ந்தால் எதிரெதிரான ஒரு ஜோடி கிடைக்கிறது, இரண்டும் உதட்டில் பிறப்பவை.

பேச்சுக்கு மட்டும் ஒரு பரிசு வாங்க முடியும் என்றால் நான் படப் புத்தகத்தைத்தான் சொல்வேன், கடையில் இருப்பதை அல்ல. தடித்த அட்டையில் ஆறே பக்கம். பக்கத்துக்கு ஒரு முகம், கீழே பெரிய எழுத்தில் ஒரு சொல். நம் மொழியில் உறவுப் பெயர்களைக் கவனித்தால் ஒரு சௌகரியம் தெரியும். அம்மா, அப்பா, பாப்பா எல்லாவற்றிலும் உதடு இரட்டிப்பாக ஒட்டி நின்று பிரிகிறது, தாத்தாவில் நாக்கு பல்லின் பின்னால் தங்கி எழுகிறது. ஒலி நீடித்து நிற்பதால் பிள்ளை பார்த்துப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். எழுத்து இப்போது எதற்கு என்று கேட்காதீர்கள். பார்வை நினைவு வலுவாக இருப்பதால், இந்தப் பிள்ளைகளில் பலர் எழுதிய சொல்லை முழுப் படமாகவே அடையாளம் கண்டுகொள்வார்கள். காதில் நழுவிப்போகும் சொல் தாளில் நழுவாமல் நிற்கும். எனவே ‘முதலில் பேசட்டும், பிறகு வாசிக்கலாம்’ என்று ஒத்திப்போட வேண்டியதில்லை.

அதே புத்தகம் விரலுக்கும் வேலை தரும். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அவன் நான்கைந்து பக்கத்தைச் சேர்த்தே புரட்டுவான். ஒவ்வொரு பக்கத்தின் வலது ஓரத்திலும் சின்ன நுரைத் துண்டை, பக்கத்துக்குப் பக்கம் சற்று இடம் தள்ளி, பிய்க்க முடியாதபடி டேப்பால் சுற்றி ஒட்டுங்கள். இடையில் சந்து விழும், ஒரு விரல் நுழையும். பழகியபின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

விசிலும் பலூனும் சொன்னார்கள் அல்லவா. ஊதினால் வாய்த் தசை பலப்படும், பேச்சு வரும் என்பது பரவலான நம்பிக்கை. ஊதுவது நன்றாக வரும், பேச்சு அதனால் தெளிவாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. பேசுவது பேசித்தான் பழகும். ஆனால் சோப்புக் குமிழி வாங்கினால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஊதுவதற்காக அல்ல, நீங்கள் ஊதி நிறுத்திவிட்டுக் காத்திருக்க அது அருமையான சாமான். மிதக்கும் குமிழியை ஆள்காட்டிவிரலால் குத்தி உடைப்பதும் ஒரு விரலைத் தனியே நீட்டப் பழக்கும். பலூன் வேண்டவே வேண்டாம். ஊதாத பலூனும் உடைந்த துண்டும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவை.

இனி சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று பார்ப்போம். ஒருவரிடம் பெரிய ஸ்டிக்கர் தாள்கள் கேளுங்கள். கொடுப்பதற்கு முன் ஸ்டிக்கர்களைச் சுற்றியிருக்கும் வெற்று ஓரத்தை நீங்கள் உரித்துவிட்டால் அவனால் எளிதாகப் பிரிக்க முடியும். அதைச் சுவரில் அவன் கண் உயரத்தில் ஒட்டச் செய்யுங்கள். செங்குத்தான பரப்பில் வேலை செய்யும்போது மணிக்கட்டு தானாகப் பின்பக்கம் நிமிரும், விரல்நுனிக்குப் பலம் கிடைப்பது அந்த நிலையில்தான். இன்னொருவரிடம் முட்டை வடிவக் கிரேயான். குச்சி கிரேயான் நழுவுவதற்குக் காரணம் அதன் மெலிவு. உள்ளங்கை முழுவதும் பிடிக்க இடமிருந்தால் கை சோர்வதில்லை. துணிமாட்டும் கிளிப்பு கேட்டால், ஸ்பிரிங் தளர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் கட்டைவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து அதைச் சுலபமாகத் திறக்க முடிந்தால் அவனுக்குச் சரியான பலம், முடியாவிட்டால் அது உங்கள் துணிக்கே ஆகட்டும். சின்னக் காந்தங்கள், பொத்தான் பேட்டரி உள்ளவை, தண்ணீரில் ஊறிப் பெருக்கும் மணிகள் ஆகிய மூன்றும் வீட்டுக்குள் வரக் கூடாது. விழுங்கினால் குடலையும் உணவுக்குழலையும் பதம்பார்ப்பவை அவை. குதிக்கும் டிராம்போலினை ஆறு வயதுக்கு முன் யாரும் வாங்க வேண்டாம். கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இவர்களுக்குத் தளர்வு இருக்கக்கூடும்.

எல்லாப் பரிசையும் ஒரே நாளில் பிரித்து வைத்துவிடாதீர்கள். இரண்டு வெளியே, மற்றவை அலமாரியில்.

கடைசியாக, பிறந்தநாளுக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. காது கேட்கும் திறனைச் சமீபத்தில் சோதித்திருக்கிறீர்களா? இந்தப் பிள்ளைகளுக்குக் காதுத் துளை குறுகலாக இருக்கும், நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். வலி இருக்காது, சீழ் வராது, கேட்பது மட்டும் மங்கிப்போகும். கூப்பிட்டால் ஒருநாள் திரும்புவான், ஒருநாள் திரும்ப மாட்டான். கேட்கும் திறன் இரு காதிலும் சரியென்று உறுதியாகும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். கண்ணையும் சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பொருளின் மேல் பார்வையைக் கூர்மையாக நிறுத்துவது பல பிள்ளைகளுக்குக் கடினம், கண்ணாடி போட்டதும் மூடியின் கீறல் தெளிவாகத் தெரிந்து வில்லை நேராகப் போகக்கூடும். வந்துகொண்டிருந்த சொற்கள் நின்றுபோனாலோ, முன்பு செய்த வேலையைக் கை செய்ய மறுத்தாலோ, கழுத்தைச் சாய்த்தே வைத்துக்கொண்டாலோ, நடை தடுமாறத் தொடங்கினாலோ, அது விளையாட்டை மாற்றிப் பார்க்கும் விஷயம் அல்ல. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.